ஒட்டுறவு ஹீட்மேப்பில் 0 எங்கே நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண்தான் ஒட்டுறவு; அந்த எண்களை நிறக் கட்டங்களாகக் காட்டும் படம் ஹீட்மேப். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தரவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்டார்டிகாவில் பால்மர் ஆய்வு நிலையத்தை ஒட்டிய தீவுகளில் 2007 முதல் 2009 வரை அளந்து பதிந்த 344 பென்குயின்களின் தரவு அது. பைதான் மொழியின் `seaborn` நூலகத்திலேயே `penguins` என்ற பெயரில் கிடைக்கிறது. ஒவ்வொரு பறவைக்கும் அலகின் நீளம், அலகின் தடிமன், துடுப்பின் நீளம், உடல் எடை என நான்கு அளவுகள் உண்டு. இரண்டு பறவைகளுக்கு மட்டும் அளவுகள் விடுபட்டுள்ளன. நான்கு மாறிகள் என்றால் ஆறே ஜோடிகள். எல்லாவற்றையும் கண்ணால் சரிபார்த்துவிடலாம். நாற்பது மாறிகள் உள்ள படத்தில் நடக்கும் தவறுகள் அத்தனையும் இந்த ஆறு கட்டங்களிலேயே நடக்கும்.

ஹீட்மேப்பைத் திறந்ததும் கண் எங்கே போகணும்னே தெரியல. எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கிறது?

ஓரத்தில் ஒல்லியாக நிற்கும் வண்ணப் பட்டையிலிருந்து. பலர் அதைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை. அதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்: மேல் முனையில் என்ன எண், கீழ் முனையில் என்ன எண், நிறம் வெளிறிப்போகும் இடத்துக்கு நேரே என்ன எண். முனைகள் 1, −1 என்றும் வெளிறிய இடம் 0 என்றும் இருந்தால் படத்தை நம்பிப் படிக்கலாம். இல்லையென்றால் கட்டங்களின் நிறத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளே எழுதியிருக்கும் எண்களை மட்டும் படியுங்கள்.

அடுத்தது மூலைவிட்டம். ஒவ்வொரு மாறியும் தன்னோடு தான் கொண்ட ஒட்டுறவு 1 என்பதால் அங்கே செய்தி எதுவும் இல்லை. அதற்கு மேலே உள்ள பாதியும் கீழே உள்ள பாதியும் ஒன்றேதான். ஏதாவது ஒரு பாதியைப் படித்தால் போதும்.

அதன்பின் நிறம் எது என்று பார்க்காமல், எது அடர்த்தி என்று மட்டும் பாருங்கள். அடர்த்தி சொல்வது தொடர்பின் வலிமையை. சிவப்பா நீலமா என்பது அது எந்தத் திசையில் என்று சொல்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்க முடிவதுதான் நடுவிலிருந்து இரு பக்கமும் விரியும் வண்ண அளவின் பயன். இனி அதைச் சுருக்கமாக இருபக்க அளவு என்கிறேன்.

பென்குயின்களின் எண்கள் இவை:

| | அலகு நீளம் | அலகு தடிமன் | துடுப்பு | எடை |
|---|---|---|---|---|
| அலகு நீளம் | 1 | −0.24 | 0.66 | 0.60 |
| அலகு தடிமன் | −0.24 | 1 | −0.58 | −0.47 |
| துடுப்பு | 0.66 | −0.58 | 1 | 0.87 |
| எடை | 0.60 | −0.47 | 0.87 | 1 |

இதில் இரண்டு கட்டங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலகு நீளமும் எடையும்: 0.60. அலகு தடிமனும் துடுப்பும்: −0.58. இரண்டின் வலிமையும் ஏறக்குறைய ஒன்று. திசை மட்டும் எதிரெதிர். எந்த வண்ண அளவு சரி, எது தவறு என்று சோதிக்க இந்த ஜோடி போதும். நேர்மையான படத்தில் ஒன்று சிவப்பாகவும் மற்றது நீலமாகவும், இரண்டும் ஒரே அடர்த்தியிலும் தெரிய வேண்டும்.

வண்ண அளவில் நான் கையே வைக்கல, மென்பொருள் போட்டதை அப்படியே விட்டுட்டேன். அதனால என்ன ஆகிடும்?

மென்பொருளுக்கு இவை ஒட்டுறவு எண்கள் என்று தெரியாது. கையில் உள்ள எண்களில் மிகச் சிறியதை ஒரு முனையிலும் மிகப் பெரியதை மறு முனையிலும் கட்டிவிட்டு, இடையில் உள்ளதைச் சமமாகப் பங்கிடும். நம் அட்டவணையில் மிகச் சிறியது −0.584, மிகப் பெரியது மூலைவிட்டத்தின் 1. இரண்டுக்கும் நடுப்புள்ளி 0.208. ஆகவே நீலம், சாம்பல், சிவப்பு என்று செல்லும் `coolwarm` போன்ற அளவைப் போட்டால், நிறமற்ற சாம்பல் 0.208-ல் போய் உட்காரும். உண்மையான 0 இளநீலமாகத் தெரியும்.

எவ்வளவு விலகுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியான −1 முதல் 1 வரையிலான அளவில் எந்த எண்ணுக்கு இந்த நிறம் கிடைத்திருக்கும் என்று கேட்டால் போதும். அந்தத் தோற்ற மதிப்புக்கான சூத்திரம் இது, இதில் r என்பது கட்டத்தின் உண்மையான ஒட்டுறவு:

```
தோற்றம் = 2 * (r + 0.584) / 1.584 - 1
```

அலகு நீளம், தடிமன் கட்டத்தின் −0.235-ஐ இதில் போட்டால் −0.56 வருகிறது. அதாவது மெலிந்த ஒரு எதிர்மறைத் தொடர்பு, நடுத்தரத்துக்கும் மேலான தொடர்பின் நிறத்தில் நிற்கிறது. தடிமனுக்கும் எடைக்கும் உள்ள −0.47, ஏறத்தாழ −0.86 போல ஆழ்ந்த நீலமாகிறது. −0.58 முனையிலேயே இருப்பதால் முழு நீலம். −1 என்றால் என்ன நிறமோ அதே நிறம். மறுபக்கம் 0.60 சற்று வெளிறி 0.49 போலத் தெரிகிறது. மேலே சொன்ன சோதனை ஜோடியைப் பாருங்கள்: ஒரே வலிமை உள்ள இரண்டில் ஒன்று உச்ச நீலம், மற்றது மங்கல் சிவப்பு. இதைப் பார்ப்பவர், அலகின் தடிமன்தான் இந்தத் தரவின் பெரிய செய்தி என்று நினைத்துக்கொண்டு போவார்.

இந்தத் தவறு என் கைகளிலும் நடந்திருக்கிறது. ஒரு அறிக்கையில் இளநீலமாக இருந்த கட்டத்தைப் பார்த்து, இந்த இரண்டுக்கும் லேசான எதிர்மறைத் தொடர்பு உண்டு என்று எழுதிவிட்டேன். படிக்க வந்தவர் எண்ணைக் கேட்டார். 0.05. எண்களை அச்சிட்டால் படம் நெரிசலாகிறது என்று நானேதான் அவற்றை அணைத்து வைத்திருந்தேன்.

சரிசெய்ய இவ்வளவு போதும்:

```python
import seaborn as sns
df = sns.load_dataset("penguins")
c = df.corr(numeric_only=True)
sns.heatmap(c, cmap="RdBu_r", vmin=-1, vmax=1,
            annot=True, fmt=".2f", square=True)
```

`center=0` கொடுத்தாலே நடு சரியாகிடுமே, `vmin`, `vmax` வேற எதுக்கு?

நடு சரியாகிவிடும், உண்மைதான். முனைகள்தான் நழுவும். `seaborn`-ல் `center=0` என்றால், 0-இலிருந்து அதிகம் விலகிய எண் எதுவோ அந்தத் தூரத்தை இரு பக்கமும் வைத்துக்கொள்ளும். முழு அட்டவணையை வரைந்தால் மூலைவிட்டத்தின் 1 உள்ளே இருப்பதால், தூரம் தானாகவே 1 ஆகிவிடும். அதனால் பெரும்பாலான நேரம் இது சரியாக வேலை செய்வது போலவே தோன்றும்.

மூலைவிட்டத்தையும் மேல் பாதியையும் `mask` போட்டு மறைத்தீர்களானால் கதை மாறுகிறது. மறைத்த கட்டங்கள் கணக்கில் வராது. இப்போது அதிகம் விலகிய எண் 0.87. துடுப்பு, எடை கட்டம் முழுச் சிவப்பாகிவிடும்; மற்றவையும் அதற்கேற்பக் கொஞ்சம் கருக்கும். இரு பக்கச் சமநிலை குலையாததால் இது பெரிய பொய் அல்ல. ஆனால் இதே படத்தை வேறொரு தரவுக்கு வரைந்து பக்கத்தில் வைக்கும்போது, அங்கே உச்சம் 0.4 என்றால் அந்த 0.4-ம் இதே முழுச் சிவப்பில் வரும். எண்ணைப் படிக்காதவர் இரண்டும் ஒன்று என்றே நினைப்பார். `vmin=-1, vmax=1` இரண்டையும் கையால் எழுதிவிட்டால் `center` தனியாகத் தேவையே இல்லை.

`TwoSlopeNorm` வச்சு 0-ஐ நடுவில் பிடிச்சுடலாம்னு ஒருத்தர் சொன்னார். அது சரிதானா?

ஒட்டுறவுக்குச் சரியல்ல. `matplotlib`-ன் அந்தக் கருவி 0-ஐ நடுவில் நிறுத்திவிட்டு, இடப்பக்கத்தை ஒரு சரிவிலும் வலப்பக்கத்தை வேறொரு சரிவிலும் இழுக்கும். −0.58 முதல் 0 வரை உள்ள சிறிய தூரம் முழு நீலப் பகுதியையும் எடுத்துக்கொள்ளும். 0 முதல் 1 வரை முழுச் சிவப்பு. வெள்ளை சரியான இடத்தில் இருக்கும், ஆனால் −0.24 சுமார் −0.40-ன் அடர்த்தியில் தெரியும், −0.58 மறுபடியும் உச்ச நீலம். சோதனை ஜோடி இங்கேயும் தோற்கிறது.

கடலாழத்தையும் மலை உயரத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டுவது போன்ற வேலைக்கு அது நல்ல கருவி. அங்கே 0-க்குக் கீழே ஒரு மீட்டரும் மேலே ஒரு மீட்டரும் ஒரே அடர்த்தியில் வர வேண்டிய அவசியமில்லை. ஒட்டுறவில் −0.5-ம் 0.5-ம் ஒரே வலிமை. ஆகவே இரு பக்கமும் ஒரே சரிவு வேண்டும். `CenteredNorm` அதைச் செய்யும். இருந்தாலும் −1, 1 என்று எழுதுவதுதான் எளிது.

எந்த நிறங்களை எடுக்கிறது? சிவப்பு நல்லதா கெட்டதா என்று எல்லாரும் கேக்குறாங்க.

நல்லது கெட்டது என்ற பேச்சு ஒட்டுறவில் இல்லை; அதனால்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போகும் `RdYlGn`-ஐ நான் எடுப்பதில்லை. அதைப் பார்த்தவுடன் மனம் போக்குவரத்து விளக்கைப் படிக்கத் தொடங்கிவிடும். இன்னும் பெரிய சிக்கல், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கு இரண்டு முனைகளும் ஒன்றாகத் தெரியும். அவர்களுக்கு +0.8-க்கும் −0.8-க்கும் வித்தியாசமே இருக்காது. நடுவில் உள்ள மஞ்சளும் அமைதியான நிறமல்ல. ஒன்றுமில்லாத இடம்தான் படத்தில் முதலில் கண்ணைப் பறிக்கும்.

சிவப்பும் நீலமும் அல்லது ஆரஞ்சும் ஊதாவும் பாதுகாப்பானவை. `RdBu_r`-ஐ அருகில் வைத்துப் பார்த்தால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரியும். 0-ல் `#f7f7f7`, கிட்டத்தட்ட வெள்ளை. 0.2-ல் `#fddbc7`, மங்கலான தோல் நிறம். 0.4-ல் `#f4a582`, 0.6-ல் `#d6604d`, 0.8-ல் `#b2182b`, கடைசியில் 1-ல் `#67001f`, கருஞ்சிவப்பு. ஒவ்வொரு படியிலும் நிறம் கருத்துக்கொண்டே போகிறது. நீலப் பக்கமும் ஏறக்குறைய அதே வேகத்தில் கருக்கிறது. வலிமைக்கும் கருமைக்கும் இந்த நேரான உறவு இருப்பதால்தான் கண் ஏமாறுவதில்லை. வானவில் நிறங்கள் கொண்ட `jet`-ல் இது கிடையாது. நடுவில் வரும் பச்சையும் மஞ்சளும் ஓரங்களைவிடப் பளிச்சென்று நிற்கும்.

எதிர்மறைக்கு எந்த நிறம் என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. `coolwarm`-ல் எதிர்மறை நீலம். `RdBu`-வை `_r` இல்லாமல் எடுத்தால் எதிர்மறை சிவப்பு. R மொழியில் `corrplot`-ம் எதிர்மறையைச் சிவப்பில்தான் வரைகிறது. இரண்டுமே தவறல்ல, ஆனால் ஒரே அறிக்கைக்குள் இரண்டையும் கலந்தால் வாசகர் தலையைச் சொறிய வேண்டியதுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு மொழியில் படம் வரைந்து ஒன்று சேர்க்கும்போது இது அடிக்கடி நடக்கிறது.

கறுப்பு வெள்ளையில் அச்சாகும் என்று தெரிந்தால் இருபக்க அளவு எதுவும் காப்பாற்றாது. சம அடர்த்தி என்ற அதே நற்குணத்தால் +0.6-ம் −0.6-ம் ஒரே சாம்பலாகிவிடும். அப்போது கட்டத்துக்குள் குறியோடு எண்ணை எழுதியே ஆக வேண்டும்.

ஒரு கட்டம் வெள்ளையா இருக்கு. அப்போ அந்த ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிடலாமா?

அவசரப்பட வேண்டாம். வெள்ளைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஒட்டுறவு உண்மையிலேயே 0-க்கு அருகில். இரண்டாவது, அங்கே எண்ணே இல்லை. ஒரு நெடுவரிசையில் எல்லா மதிப்பும் ஒன்றாக இருந்தால் ஒட்டுறவைக் கணக்கிட முடியாது, `NaN` வரும். `seaborn` அந்தக் கட்டத்தை வரையாமல் விட்டுவிடும், பின்னணியின் வெள்ளை தெரியும். 0-க்கான நிறமும் வெள்ளைக்கு ஒட்டியதுதான். இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அதற்குப் பின்னணியைச் சாம்பலாக்கிவிடுவது என் வழக்கம்:

```python
ax = sns.heatmap(c, cmap="RdBu_r", vmin=-1, vmax=1)
ax.set_facecolor("0.6")
```

இதைச் செய்த பிறகு, நேற்றுவரை வெள்ளையாக இருந்த ஒரு முழு வரிசை சட்டென்று சாம்பலாகி, அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்புதான் ஏறியிருக்கிறது என்று தெரிய வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். `mask` போட்டு மறைத்த கட்டங்களும் சாம்பலாகும் என்பதால் முழு அட்டவணையை வரையும்போது இதைச் செய்வது நல்லது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. வழக்கமாக நாம் கணக்கிடும் பியர்சன் ஒட்டுறவு, நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். x-க்கு −3, −2, −1, 0, 1, 2, 3 என்றும் y-க்கு அவற்றின் வர்க்கங்கள் என்றும் எடுத்துக்கொண்டால், y முழுக்க முழுக்க x-ஆல் தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் ஒட்டுறவு துல்லியமாக 0. இடப்பாதியில் இறங்குவதும் வலப்பாதியில் ஏறுவதும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. நேர்கோட்டுத் தொடர்பு தென்படவில்லை என்று எழுதுங்கள். தொடர்பே இல்லை என்று எழுதாதீர்கள்.

படம் முழுக்க வெளிறிப்போய் எதுவும் தெரியல. எல்லா எண்ணும் 0.25-க்குள்ளதான். வீச்சைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், இரு பக்கமும் ஒரே அளவுக்கு. −0.3, 0.3 என்று வைத்து, மூலைவிட்டத்தை மறைத்துவிட்டு, வண்ணப் பட்டையில் அந்த எண்கள் தெளிவாகத் தெரியும்படி செய்யுங்கள். படத்தின் தலைப்பிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. ஆனால் அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: எல்லாம் வெளிறி இருக்கிறது என்பதே ஒருவேளை இந்தத் தரவு சொல்லும் செய்தியாக இருக்கலாம். 0.25-ன் வர்க்கம் 0.06 சொச்சம். ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் சுமார் 6 விழுக்காட்டை மட்டுமே மற்றது விளக்குகிறது. அதைக் கருஞ்சிவப்பில் காட்டினால் பார்ப்பவர் வேறு ஏதோ புரிந்துகொள்வார்.

எவ்வளவு அடர்த்தியா இருந்தா அந்தத் தொடர்பை நம்பலாம்?

நிறத்துக்கு அது தெரியாது. எத்தனை பதிவுகளிலிருந்து அந்த எண் வந்தது என்பதை ஹீட்மேப் காட்டுவதே இல்லை. கைக்கணக்குக்கு ஒரு வழி உண்டு: 2-ஐப் பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய ஒட்டுறவு, தொடர்பே இல்லாத இடத்திலும் தற்செயலாக வரக்கூடியது. 342 பென்குயின்களுக்கு அந்த எல்லை சுமார் 0.11, ஆகவே வெளிர்நீலமாக இருக்கும் −0.24 தற்செயல் அல்ல. வெறும் 20 பதிவுகள் என்றால் எல்லை 0.45. அப்போது `RdBu_r`-ன் நல்ல ஆரஞ்சு நிறக் கட்டம்கூட ஒன்றுமில்லாமல் போகலாம்.

மாறிகள் கூடக் கூட இது மோசமாகும். 20 மாறிகள் இருந்தால் 190 ஜோடிகள். எதற்கும் எதனோடும் தொடர்பே இல்லாவிட்டாலும், நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் ஒன்பது பத்துக் கட்டங்கள் அந்த எல்லையைத் தாண்டி நிறம் காட்டும். கண் நேராக அவற்றின் மேல்தான் போய் விழும்.

அலகு நீளமா இருந்தா தடிமன் குறைவுன்னு −0.24 சொல்லுது. அதை அப்படியே முடிவா எடுத்துக்கலாமா?

இந்தத் தரவை நான் எடுத்ததே இந்தக் கட்டத்துக்காகத்தான். வண்ண அளவைச் சரியாக வைத்தாயிற்று, எண் தற்செயல் அல்ல என்றும் பார்த்தாயிற்று. இருந்தும் முடிவு தவறு.

இந்த 344 பறவைகளும் ஒரே இனம் அல்ல. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனங்கள். இனவாரியாகப் பிரித்து அதே ஒட்டுறவைக் கணக்கிட்டால் அடேலிக்கு 0.39, சின்ஸ்ட்ராப்புக்கு 0.65, ஜென்டூவுக்கு 0.64. மூன்றுமே நேர்மறை. எந்த இனத்தை எடுத்தாலும் நீளமான அலகு தடிமனாகவே இருக்கிறது. மொத்தமாகக் கலந்தால் மட்டும் குறி தலைகீழாகிறது.

காரணம் சராசரிகளில் இருக்கிறது. அடேலியின் அலகு குட்டையானது, தடித்தது: சராசரியாக 38.8 மி.மீ. நீளம், 18.3 மி.மீ. தடிமன். ஜென்டூவின் அலகு நீண்டது, மெலிந்தது: 47.5 மி.மீ. நீளம், 15.0 மி.மீ. தடிமன். சிதறல் வரைபடத்தில் ஒரு கூட்டம் இடப்பக்கம் மேலேயும் இன்னொரு கூட்டம் வலப்பக்கம் கீழேயும் நிற்கும். ஒவ்வொரு கூட்டமும் உள்ளுக்குள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தாலும், கூட்டங்களுக்கிடையே கோடு போட்டால் அது கீழ்நோக்கிப் போகிறது. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். ஹீட்மேப்பில் ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு எண். கூட்டங்கள் இருப்பதையே அது காட்டாது. அதனால் நிறத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதும் முன், அந்த ஒரு ஜோடிக்காவது சிதறல் வரைபடம் போட்டுப் பாருங்கள்.

மூன்று இனங்களுக்கும் தனித்தனி ஹீட்மேப் வரையப் போகும்போது வண்ண அளவு மறுபடியும் குறுக்கே வரும். ஜென்டூவின் ஆறு ஜோடிகளும் 0.64-க்கும் 0.72-க்கும் இடையில்தான். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் வீச்சு 0.64 முதல் 1 வரை ஆகும். அப்போது அலகு நீளம், தடிமன் கட்டம் என்ன நிறத்தில் வரும் தெரியுமா? ஆழ்ந்த நீலம். பார்ப்பவர் வலுவான எதிர்மறை என்று படிப்பார். உண்மையில் அது 0.64. −1 முதல் 1 வரை என்று வைத்தால் ஜென்டூ படம் முழுக்கச் சிவப்பாக, ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் வரும். சலிப்பூட்டும் படம்தான், ஆனால் அந்த இனத்தின் நான்கு அளவுகளும் சேர்ந்தே வளர்கின்றன என்பதைச் சரியாகச் சொல்கிறது.

எக்செலில் இதையே எப்படிச் செய்யறது?

`Conditional Formatting`, `Color Scales`, பிறகு `More Rules`. அங்கே `3-Color Scale`-ஐத் தேர்ந்தெடுங்கள். நடுப்புள்ளிக்கு எக்செல் தானாக வைப்பது `Percentile`, 50. அதாவது உங்கள் எண்களின் இடைநிலை எதுவோ அது நடுநிறத்தைப் பெறும். பென்குயின் அட்டவணையின் 16 கட்டங்களுக்கும் அதை விட்டால், இடைநிலை சுமார் 0.63, அலகு நீளம், எடையின் 0.60 நடுநிறத்தில், சம்பந்தமே இல்லாதது போலக் கிடக்கும். மூன்று இடங்களிலும் `Type`-ஐ `Number` என்று மாற்றி −1, 0, 1 என்று எழுதுங்கள். நிறங்களையும் பச்சை, மஞ்சள், சிவப்பிலிருந்து நீலம், வெள்ளை, சிவப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இருபக்க அளவே வேண்டாத இடம் உண்டா?

உண்டு. குறியை நீக்கி வலிமையை மட்டும் வரைகிறீர்கள், அல்லது r-ன் வர்க்கத்தை வரைகிறீர்கள் என்றால் 0-க்குக் கீழே எதுவும் இல்லை. வெளிரில் தொடங்கி ஒரே திசையில் கருத்துப்போகும் ஒற்றை நிற அளவு போதும், 0 முதல் 1 வரை. எல்லா எண்ணும் தற்செயலாக நேர்மறையாக வந்திருந்தால் மட்டும் அப்படி மாற்ற வேண்டாம். எதிர்மறை எதுவும் வரவில்லை என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

வேற ஒருத்தர் வரைஞ்ச படம், நிரல் கையில் இல்ல. நடு சரியா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்ணப் பட்டை இருந்தால் வெளிறிய இடத்துக்கு நேரே உள்ள எண்ணைப் படியுங்கள். 0.2, 0.35 என்று ஏதாவது வந்தால் விடை கிடைத்துவிட்டது. பட்டையில் 0-க்கு நேரே தெளிவான நீலம் இருந்தாலும் அதே விடைதான்.

பட்டை இல்லை, ஆனால் கட்டங்களில் எண்கள் உண்டு என்றால், வலிமை ஒன்றாகவும் குறி எதிராகவும் உள்ள இரண்டு கட்டங்களைத் தேடிப் பிடியுங்கள், பென்குயின்களில் 0.60-ம் −0.58-ம் போல. இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக இல்லையென்றால் அளவு சாய்ந்திருக்கிறது. எதிர்மறைப் பக்கத்தில் மிகப் பெரிய எண் −0.3-தான், ஆனால் அது மூலைவிட்டத்தின் அளவுக்கு அடர்த்தியாக இருக்கிறது என்றாலும் அதே குறைதான்.

பட்டையும் இல்லை, எண்களும் இல்லை என்றால் அந்தப் படத்திலிருந்து எந்த ஜோடி எதைவிட மேலே என்ற வரிசையை மட்டுமே எடுக்க முடியும். குறியைக்கூட நம்ப முடியாது. ஒட்டுறவு அட்டவணையைக் கேட்டு வாங்கி, நீங்களே மறுபடி வரைந்துகொள்ளுங்கள்.